ஐம்பது நோட்டு, ஒரு போர்டு, பிரிண்டர் இல்லை: பின்னக் கணக்கை எப்படித் திருத்துகிறீர்கள்?

மஞ்சூர் கணக்கு | ஜனவரி 6, இரவு 8.50

ஆறாம் வகுப்பு, ஒரே செக்‌ஷன், ஐம்பது பேர். பள்ளியில் பிரிண்டர் இல்லை. ஜெராக்ஸ் எடுக்க பஸ் ஏறிப் போகணும், அதுவும் கைக்காசு. மூன்றாம் பருவத்தின் முதல் பாடமே பின்னங்கள். போர்டில் பத்துக் கணக்கு எழுதிப் போட்டால் காப்பி பண்ணுவதிலேயே பாதி பீரியட் போய்விடுகிறது. நோட்டை வாங்கித் திருத்த ஒன்றுக்கு மூன்று நிமிஷம், ஐம்பதுக்கு இரண்டரை மணி நேரம். திருப்பிக் கொடுத்தால் சிவப்பு மையை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த வாரம் அதே தப்பு, அதே இடத்தில்.

ஒர்க்‌ஷீட் வேலையை போர்டையும் நோட்டையும் வைத்தே ஓட்டுகிறவர்கள் எப்படி ஓட்டுகிறீர்கள்? பிள்ளைகளை ஊக்கப்படுத்துங்கள் வகைப் பதில் வேண்டாம், பயிற்சி வகுப்பில் நிறையக் கேட்டாயிற்று.

ஈராசிரியர் | ஜனவரி 6, இரவு 9.15

மலையில் ஐம்பது பேரா? எங்களுக்கு அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து பதினொரு பேர். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று வட்டமாக உட்கார வைத்து, பயிற்சி நூலைக் கையில் கொடுத்துவிட்டால் போதும். நீங்களும் பிரித்து உட்கார வையுங்கள்.

மஞ்சூர் கணக்கு | ஜனவரி 6, இரவு 9.22

சார், அது எண்ணும் எழுத்தும், தொடக்கப் பள்ளிக்கு. எனக்கு ஆறாம் வகுப்பு. பத்து பெஞ்ச், பெஞ்சுக்கு அஞ்சு பேர், நடுவில் நான் நடக்கவே ஒருக்களித்துத்தான் போகணும். வட்டம் போட்டால் நான் வெளியே நிற்க வேண்டியதுதான்.

தாண்டிக்குடி டீச்சர் | ஜனவரி 6, இரவு 10.05

பத்துக் கணக்கை முதலில் விடுங்கள். நாலு போதும்.

முதல் இரண்டும் எல்லோருக்கும் வரக்கூடியவை, கை சூடாக. ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் முதல் பீரியட் விரலே மடங்காது, அதற்கும் சேர்த்துத்தான். மூன்றாவதுதான் நீங்கள் உண்மையில் பார்க்கப்போவது. நாலாவது, முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறவர்களுக்கு. எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் முன் பெஞ்சிலிருந்து வாங்கி எழுதிவிடுவார்கள்.

நோட்டை மூடி வாங்காதீர்கள். அன்றைய பக்கம் திறந்தபடியே, பெஞ்ச் பெஞ்சாக, ஒன்றன்மேல் ஒன்று. மூடின நோட்டில் பக்கம் தேடுவதற்கே கால் நிமிஷம் போகும், ஐம்பதுக்குப் பன்னிரண்டு நிமிஷம் அங்கேயே செத்தது. திறந்து வைத்த நோட்டில் மூன்றாவது கணக்கின் விடையைப் பார்க்கப் பத்து விநாடி. மொத்தம் ஒன்பது நிமிஷத்துக்குள் முடியும்.

பார்த்ததும் திருத்தாதீர்கள். மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: சரி, ஒரே மாதிரித் தப்பு, மற்றவை. அடுக்குக்கு ஒரு குறி, ஓரக் கோட்டுக்கு வெளியே. எழுத்து கிடையாது. எழுத வேண்டியதை மறுநாள் போர்டில் எழுதிக்கொள்ளலாம்.

கூடலூர்க்காரன் | ஜனவரி 7, காலை 6.40

இவ்வளவு எதற்கு? நோட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். போர்டில் விடை எழுதுங்கள், அவனவன் பக்கத்தில் இருக்கிறவன் நோட்டைத் திருத்துவான். அஞ்சு நிமிஷம். நான் ஏழாம் வகுப்புக்கு வருஷக்கணக்கில் இப்படித்தான்.

தாண்டிக்குடி டீச்சர் | ஜனவரி 7, மதியம் 1.10

கூடலூர் சார், சரியா தப்பா என்று தெரிய அது போதும். எந்தத் தப்பு என்று தெரிய அது உதவாது. பக்கத்துப் பையன் பெருக்கல் குறி போடுவான், அவ்வளவுதான். பக்கத்திலேயே மாற்றினால் சிநேகிதனுக்கு ரப்பர் வைத்து அழித்து, சரி பண்ணிக் கொடுத்து, டிக்கும் போட்டுவிடுவான். மாற்றுவதாக இருந்தால் இரண்டு பெஞ்ச் பின்னால் தள்ளுங்கள், திருத்துகிறவன் கையில் பென்சில் இல்லாமல் பேனா இருக்கட்டும். முதல் இரண்டு கணக்குக்கு உங்கள் வழியே நல்லது. மூன்றாவது என் கையில்தான்.

சாக்பீஸ் சாமி | ஜனவரி 7, மதியம் 1.31

ஜெல்லி காப்பி ஞாபகம் இருக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஜெலட்டினும் கிளிசரினும் தண்ணீரும் காய்ச்சி தட்டில் ஊற்றினால் அல்வா மாதிரி உறையும். ஊதா மையில் எழுதின தாளை அதன்மேல் ஒட்டி எடுத்துவிட்டு, வெள்ளைத் தாளை வைத்து வைத்து எடுத்தால் முப்பது நாற்பது பிரதி வரும். கடைசிப் பத்தைப் படிக்க மட்டும் தெய்வ அருள் வேண்டும். கரண்ட் வேண்டாம், பிரிண்டர் வேண்டாம்.

மஞ்சூர் கணக்கு | ஜனவரி 7, மாலை 5.48

அந்த ஊதா மையை நீங்கள் வாங்கித் தந்தால் அல்வா நான் கிண்டுகிறேன்.

இன்று டீச்சர் சொன்னபடி செய்து பார்த்தேன், சொதப்பிவிட்டது. மூன்றாவது கணக்காக 1/2 + 1/6 கொடுத்தேன். சரியான விடையே மூன்று ரூபத்தில் வருகிறது. ஒருத்தன் 4/6, இன்னொருத்தி 2/3, குறுக்கே பெருக்கினவர்கள் 8/12. தப்பும் அப்படியே. மேலும் கீழும் கூட்டினவன் 2/8, அதையே சுருக்கினவன் 1/4. ஒவ்வொரு நோட்டிலும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. பத்து விநாடி இல்லை, முக்கால் நிமிஷம்.

தாண்டிக்குடி டீச்சர் | ஜனவரி 7, இரவு 9.30

முறையில் கோளாறு இல்லை, கணக்கில்தான். ஒவ்வொரு தப்பும் தனக்கென்று ஒரு விடையை விட்டுப் போகிற மாதிரிக் கணக்கு வேண்டும், சரியான விடை சுருங்கக் கூடாது. இரண்டு பகுதிக்கும் பொதுக் காரணி இல்லாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அமைந்துவிடும்.

2/3 + 1/4 கொடுத்துப் பாருங்கள்.

11/12 வந்தால் சரி.
3/7 என்றால் மேலும் கீழும் கூட்டியிருக்கிறான்.
3/12 என்றால் பகுதியை 12 ஆக்கிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்திருக்கிறான். சிலர் இதைச் சுருக்கி 1/4 என்று எழுதுவார்கள், அதுவும் இதே அடுக்குதான்.
11/7 என்றால் குறுக்கே பெருக்கத் தெரியும், கீழே கூட்டிவிட்டான்.
2/12, அல்லது 1/6 என்றால் பெருக்கலோடு குழப்பம்.

விடையைப் பார்த்தாலே போதும், வழியைப் படிக்க வேண்டாம். எந்தக் கணக்கையும் போர்டில் எழுதுவதற்கு முன்னால், நான்கு தப்பையும் நீங்களே செய்து விடையை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தப்பு ஒரே விடையில் வந்து நின்றால் அந்தக் கணக்கு ஆகாது.

ஒப்பிடும் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். 3/4 பெரிதா 1/2 பெரிதா என்று கேட்டால், பெரிய எண் இருக்கிற பக்கம் கை காட்டுகிறவனும் சரியாகிவிடுவான். 3/8, 1/2 என்று கேளுங்கள், மாட்டிக்கொள்வான்.

மஞ்சூர் கணக்கு | ஜனவரி 8, மாலை 6.20

வந்தவர்கள் 47. 2/3 + 1/4.

சரி 19. 3/7 எழுதினவர்கள் 16. 3/12 ஏழு பேர், அதில் இரண்டு பேர் 1/4 என்று சுருக்கினவர்கள். மற்றவை அஞ்சு: மூன்று 11/7, ஒரு 2/12, ஒரு வெறும் பக்கம்.

பிரிக்க ஆன நேரம் பதினொரு நிமிஷம். முதல் முறை என்பதால் அப்படி, குறையும் என்று நினைக்கிறேன். டெஸ்கில் இடம் போதவில்லை, ஜன்னல் திண்டில் ஒரு அடுக்கு வைத்தேன்.

இப்போது பதினாறு பேருக்கு என்ன சொல்வது?

கூடலூர்க்காரன் | ஜனவரி 8, மாலை 6.55

பதினாறு பேருக்கும் மீ.சி.ம. தெரியவில்லை என்று அர்த்தம். ரெண்டு நாள் மீ.சி.ம. மட்டும் போட்டு எடுங்கள். அடித்தளம் இல்லாமல் மேலே கட்டினால் நிற்காது.

தாண்டிக்குடி டீச்சர் | ஜனவரி 8, இரவு 10.12

நிற்காது என்பது சரி, அடித்தளம் எது என்பதில்தான் தகராறு. 3/7 எழுதினவனுக்கு மீ.சி.ம. சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். 12 என்று அழகாகக் கண்டுபிடிப்பான், கீழே 12 எழுதுவான், மேலே 2 கூட்டல் 1 என்று 3 எழுதுவான். 3/7 அடுக்கிலிருந்து 3/12 அடுக்குக்கு நகர்ந்திருப்பான், அவ்வளவுதான். மூன்றில் ஒரு துண்டும் நாலில் ஒரு துண்டும் ஒரே அளவு இல்லை என்பதுதான் அவனுக்குத் தெரியாதது. எண்ணைப் பார்க்கிறான், துண்டைப் பார்க்கவில்லை.

நாளைக்கு போர்டின் வலது பக்கம் இப்படி எழுதுங்கள்.

புள்ளி வாங்கினவர்கள் (3/7): 2/3 அரையைவிடப் பெரிதா? 3/7 அரையைவிடப் பெரிதா? கூட்டினபிறகு எப்படிக் குறைந்தது?

வளையம் வாங்கினவர்கள் (3/12): 2/3 = ?/12. 1/4 = ?/12. இப்போது கூட்டு.

டிக் வாங்கினவர்கள்: ஒருத்தர் 3/7 என்று எழுதியிருக்கிறார். அது ஏன் தப்பு என்று இரண்டு வரியில் எழுது.

எட்டு நிமிஷம் கொடுங்கள், பாடம் தொடங்குவதற்கு முன்னால், வகுப்பிலேயே. வீட்டுக்கு அனுப்பினால் நடக்காது. பழைய கணக்கின் கீழேயே பென்சிலில் எழுதட்டும். அந்த எட்டு நிமிஷத்தில் மற்றவை அடுக்கில் இருக்கிற அஞ்சு பேரை மட்டும் உங்கள் டெஸ்குக்குக் கூப்பிடுங்கள். ஆளுக்கு ஒரு நிமிஷம், கணக்கைச் செய்துகொண்டே சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வெறும் பக்கம் வைத்தவனுக்குப் பின்னம் தெரியாமல் இருக்கணும் என்று இல்லை. போர்டு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

குறி மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு வருஷம் ஏழு குறி வைத்துப் பார்த்தேன். எது எதற்கு என்று பிள்ளைகளும் கேட்டார்கள், நானும் பட்டியலைத் தேடினேன்.

மஞ்சூர் கணக்கு | ஜனவரி 9, மாலை 5.35

வெறும் பக்கம் விஷயத்தில் டீச்சர் சொன்னது நடந்தேவிட்டது. கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். 2/3 அவளுக்கு 2/8 ஆகத் தெரிந்திருக்கிறது, பக்கத்துப் பெண்ணிடம் கேட்கக் கூச்சம். என் பின்னமெல்லாம் இரண்டு விரல்கடை உயரம்கூட இல்லை.

சாக்பீஸ் சாமி | ஜனவரி 9, மாலை 6.02

போர்டு என் பேட்டை, உள்ளே வரலாமா?

பின்னத்தை ஒரு வரியில் அடைக்காதீர்கள். தொகுதி, கோடு, பகுதி எல்லாம் சேர்த்து ஒரு சாண் உயரம் வேண்டும். ஒவ்வொரு எண்ணும் நாலு விரல் உயரத்துக்குக் குறைந்தால் கடைசி பெஞ்சில் 3ம் 8ம் ஒன்றுதான். போர்டை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள், நூலில் சாக்பீஸ் தூள் தடவிச் சுண்டினால் கோடு விழும். இடது பக்கம் தேதி, பக்க எண், குறிகளின் பொருள், இது நாள் முழுக்க அழியாது. நடுவில் இன்றைய நாலு கணக்கு. வலது பக்கம் நேற்றைய பதில். அடியில் ஒரு அடி உயரத்துக்கு எதுவும் எழுத வேண்டாம், முன் பெஞ்ச் தலை மறைக்கும்.

வெள்ளையும் மஞ்சளும்தான் தெரியும். சிவப்பும் நீலமும் வாங்கி வைத்திருப்பது ஆண்டு விழாவுக்கு.

மூடுபனி நாளில் போர்டை ஈரத்துணியில் துடைக்கவே கூடாது. காயாது. காயாத போர்டில் எழுதினால் முதலில் தெரியாது, காய்ந்தபிறகு பளிச்சென்று தெரியும், அப்புறம் டஸ்டருக்கு அழியாது. ஈரத்துணி வைப்பதென்றால் சாயங்காலம் மணி அடித்தபிறகு. சாக்பீஸ் பெட்டியை மூடியுள்ள டப்பாவில் போட்டு, சத்துணவு அடுப்பு இருக்கிற பக்கம் வையுங்கள். ஈரம் குடித்த சாக்பீஸ் வழுக்கும், எழுதாது, கீச்சென்று கத்த மட்டும் செய்யும்.

இன்னொன்று, கூசுகிற பக்கம். பனி விலகி வெயில் அடித்தால் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற பெஞ்சுக்கு போர்டு கண்ணாடி மாதிரி மின்னும். நீங்கள் போய் அந்த பெஞ்சில் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள்.

கூடலூர்க்காரன் | ஜனவரி 9, இரவு 8.15

எங்கள் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நோட்டே பிரச்சினை. தாள் நமுத்து மை ஊறி மறுபக்கம் வந்துவிடும். ஜெல் பேனா வேண்டாம், பால்பாயின்ட் அல்லது பென்சில்தான். நோட்டு அடுக்கை சிமெண்ட் தரையில் வைத்தால் அடி நோட்டு ஈரம் இழுத்து வீங்கிவிடும், பெஞ்ச் மேல் வையுங்கள்.

மீ.சி.ம. பற்றி நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு அப்பா, கோத்தகிரி | ஜனவரி 10, காலை 7.05

நான் வாத்தியார் இல்லை. என் பையன் நோட்டில் பத்து நாளாக ஓரத்தில் புள்ளி மட்டும் இருக்கிறது. டிக்கும் இல்லை, தப்பும் இல்லை, மார்க்கும் இல்லை. டீச்சர் நோட்டே பார்ப்பதில்லையோ என்று நினைத்தேன். இதைப் படித்தபிறகு அது இந்த முறை போல இருக்கிறது. வீட்டில் இருக்கிற எங்களுக்கு அந்தப் புள்ளி என்ன சொல்கிறது?

மஞ்சூர் கணக்கு | ஜனவரி 10, மதியம் 12.50

நியாயமான கேள்வி. உங்கள் பையன் என் வகுப்பு இல்லை என்று நம்புகிறேன்.

பெற்றோர் மட்டும் இல்லை. ஆய்வுக்கு வருகிறவர்களும் நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பைத்தான் தேடுகிறார்கள். புள்ளி வைத்த நோட்டுத் திருத்தாத நோட்டுக் கணக்கில் போய்விடுகிறது. ஒரு முறை அதற்கு எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது.

தாண்டிக்குடி டீச்சர் | ஜனவரி 10, இரவு 9.40

நான் செய்வது: நோட்டின் முன் அட்டைக்கு உள்ளே பிள்ளைகளே மூன்று குறிக்கும் பொருள் எழுதி, அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும். முதல் இரண்டு கணக்குக்கு போர்டில் விடை பார்த்துப் பிள்ளைகளே பென்சிலில் டிக் போடுவார்கள். மூன்றாவதுக்குப் பக்கத்தில் என் குறியும், தேதியும், சுருக்கக் கையெழுத்தும். பென்சிலில் திருத்தி எழுதியிருந்தால் அதன்கீழ் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான் நான் இரண்டாவது முறை பார்ப்பது. வருகிறவர்களுக்கு முன் அட்டையைக் காட்டுவேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள், சிலர் ஒத்துக்கொள்வதில்லை. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

சாக்பீஸ் சாமி | ஜனவரி 10, இரவு 10.01

சிவப்பு மை ஒரு பாட்டில் வாங்கி, ஆய்வுக்கு முதல் நாள் ஐம்பது நோட்டிலும் தெளித்துவிடலாம். ஹோலி எங்கள் ஊரிலும் உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

மஞ்சூர் கணக்கு | ஜனவரி 11, காலை 9.20

கட்டம் போட்ட நோட்டில் வரைந்து காட்டலாம் என்று புள்ளி அடுக்குக்கு வேறொன்று செய்தேன். மூன்று வரிசை, வரிசைக்கு நாலு கட்டம், மொத்தம் 12 கட்டம் உள்ள ஒரு செவ்வகம். 2/3 என்றால் இரண்டு வரிசைக்கு நிறம், 1/4 என்றால் ஒரு நெடுவரிசைக்கு நிறம். எண்ணச் சொன்னேன். பாதிப் பேர் 9/12 என்கிறார்கள்! நானே ஒரு நிமிஷம் முழித்தேன்.

தாண்டிக்குடி டீச்சர் | ஜனவரி 11, காலை 10.45

ஒரே செவ்வகத்தில் இரண்டையும் தீட்டினால் இரண்டு கட்டம் இரட்டையாக நிறம் வாங்கும். எட்டும் மூன்றும் பதினொன்று, அதில் இரண்டு மறைந்து ஒன்பது. பிள்ளைகள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

இரண்டு செவ்வகம் வரையச் சொல்லுங்கள், இரண்டும் அதே 3க்கு 4. முதலாவதில் இரண்டு வரிசை, எட்டுக் கட்டம். இரண்டாவதில் ஒரு நெடுவரிசை, மூன்று கட்டம். அந்த மூன்றையும் முதலாவதில் காலியாக இருக்கிற நாலு கட்டத்துக்குள் குடியேற்றச் சொல்லுங்கள். ஒரு கட்டம் மிச்சம் நிற்கும். 11/12 கண்ணுக்கு முன்னால் வந்துவிடும், ஒன்றுக்கு ஒரு கட்டம்தான் குறைவு என்பதும் தெரியும். மீ.சி.ம. என்ற சொல்லே தேவைப்படாது.

இது பகுதி சிறியதாக இருக்கும் வரைதான். 5/8 + 2/9 கேட்டால் 72 கட்டம் வரைந்துகொண்டு மாலை ஆகிவிடும்.

கூடலூர்க்காரன் | ஜனவரி 11, காலை 11.10

அங்கேதான் மீ.சி.ம. வேண்டும் என்கிறேன்.

தாண்டிக்குடி டீச்சர் | ஜனவரி 11, காலை 11.14

அங்கே வேண்டும். முதல் நாள் வேண்டாம்.

ஈராசிரியர் | ஜனவரி 12, மாலை 4.30

என் பள்ளியில் பதினொரு பேர்தான் என்றாலும் இந்தக் கணக்கை நாலு பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ரெண்டு பேர் 3/7. பதினொரு பேர் இருந்தால் தப்பு குறைவாக இருக்கும் என்று நான் நினைத்தது தப்பு.

மஞ்சூர் கணக்கு | ஜனவரி 20, இரவு 8.05

பொங்கல் முடிந்தது. இரண்டு சிக்கல்.

ஒன்று, பனியில் எஸ்டேட் பஸ் தாமதமாக வருகிறது. ஏழெட்டுப் பேர் முதல் பீரியடில் இருபது நிமிஷம் கழித்துத்தான் வருகிறார்கள். அவர்கள் காப்பி பண்ணி முடிப்பதற்குள் மணி அடிக்கிறது. இன்னொன்று, அடுத்த பீரியட் சமூக அறிவியல் டீச்சர் போர்டை முழுக்க அழித்துவிடுகிறார். அவர் மேல் தப்பு இல்லை, அவருக்கும் ஒரே போர்டுதான்.

கூடலூர்க்காரன் | ஜனவரி 20, இரவு 8.40

இதற்கு என்னிடம் சரக்கு இருக்கிறது. கார்பன் பேப்பர். ஐம்பது பிரதி எடுக்க முடியாது, ஆனால் பெஞ்சுக்கு ஒன்று என்றால் பத்துதான். நாலு தாள், நடுவில் மூன்று கார்பன், பால்பாயின்டில் அழுத்தி எழுதினால் நாலாவது தாளும் படிக்க வரும். மூன்று முறை எழுதினால் பன்னிரண்டு. பத்து பெஞ்சுக்கு, ரெண்டு தாமதமாக வருகிறவர்களுக்கு. நாலே கணக்கு என்பதால் ஒரு முறை எழுத ரெண்டு நிமிஷம். அடியில் கெட்டியான அட்டை வைத்து எழுதுங்கள், நோட்டின் மேல் வைத்து எழுதினால் கடைசிப் பிரதி மங்கும்.

கேள்வியைக் காப்பி பண்ண விடாதீர்கள். எண்ணை மட்டும் எழுதட்டும்: 3) போட்டு நேராக வழியும் விடையும். வார்த்தைக் கணக்கு என்றால் கேள்வியின் கடைசி வரி மட்டும்.

மஞ்சூர் கணக்கு | ஜனவரி 20, இரவு 9.02

கூடலூர் சார், இந்த இழையிலேயே உருப்படியானது இதுதான் (டீச்சர் மன்னிக்கணும்).

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மார்க்கரில் எழுதி, கயிற்றில் துணி கிளிப் போட்டுப் பின்சுவரில் மாட்டினேன். பின்னால் திரும்பிப் பார்த்து எழுதுகிறார்கள், கழுத்துதான் பாவம். ஆனால் சமூக அறிவியலுக்கு அது தொந்தரவு இல்லை.

சாக்பீஸ் சாமி | ஜனவரி 21, காலை 6.30

ஜெல்லி காப்பியை விட்டு கார்பனுக்கு வந்துவிட்டோம். அடுத்தது ஓலைச்சுவடியா?

மஞ்சூர் கணக்கு | ஜனவரி 22, இரவு 7.50

பெஞ்சுத் தாள் வந்தபிறகு புதுப் பிரச்சினை. அஞ்சு தலையும் ஒரு தாளின்மேல் குனிகிறது, விடையும் கூடவே பரவுகிறது. ஒரே பெஞ்சில் அஞ்சு பேரும் 3/7 அல்லது அஞ்சு பேரும் சரி. என் அடுக்கு பொய் சொல்கிறது.

தாண்டிக்குடி டீச்சர் | ஜனவரி 22, இரவு 9.55

மூன்றாவது கணக்கை மட்டும் தாளில் எழுதாமல் விட்டுவிட்டு, போர்டில் இரண்டாக எழுதுங்கள். ஒன்று விட்டு ஒருத்தர் இடது, வலது. இடதுக்கு 2/3 + 1/4. வலதுக்கு 3/5 + 1/4. இரண்டாவதிலும் தப்பெல்லாம் தனித்தனியே நிற்கும்: சரி 17/20, மேலும் கீழும் கூட்டினால் 4/9, தொகுதியை மாற்ற மறந்தால் 4/20, கீழே கூட்டினால் 17/9, பெருக்கினால் 3/20.

வலது ஆட்கள் நோட்டின் வலது பக்கத்தில் எழுதட்டும், இடது ஆட்கள் இடது பக்கத்தில். நோட்டைத் திறந்ததுமே எந்த விடைப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இருபது கட்டம் பன்னிரண்டைவிடக் கொஞ்சம் கடினம்தான். அதனால் இரண்டு பக்கத்தின் எண்ணிக்கையையும் ஒப்பிடாதீர்கள். அடுத்த முறை பக்கத்தை மாற்றிவிடுங்கள்.

கூடலூர்க்காரன் | ஜனவரி 23, காலை 6.20

பதிவேடு எப்படி வைக்கிறீர்கள்? ஐம்பது பேர், வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் குறி எழுதினால் அது தனி வேலை.

தாண்டிக்குடி டீச்சர் | ஜனவரி 23, மதியம் 1.05

சரியானவர்களை எழுதவே மாட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கணக்கு. மேலே தேதியும் கணக்கும், கீழே புள்ளி என்று போட்டு வரிசை எண்கள் மட்டும், வளையம் என்று போட்டு வரிசை எண்கள் மட்டும், மற்றவை அடுக்கும் வராதவர்களும் தனித்தனி. எண் இல்லாதவர்கள் எல்லாம் சரி. வராதவர்களை எழுத மறந்தால் அவர்களும் சரியாகிவிடுவார்கள், அந்த ஓட்டையை மட்டும் கவனியுங்கள்.

மஞ்சூர் கணக்கு | பிப்ரவரி 3, இரவு 8.30

இன்று முன்னறிவிப்பு இல்லாமல் எல்லோருக்கும் 3/5 + 1/4. வந்தவர்கள் 48. இடைவெளி விட்டு உட்கார வைக்க முடியாததால் நடுவில் புத்தகப் பையை நிறுத்தி வைத்தேன்.

சரி 31. 4/9 நாலு பேர். 4/20 பத்துப் பேர். மற்றவை மூன்று.

4/9 குறைந்தது சந்தோஷம். வளைய அடுக்கு ஏழிலிருந்து பத்தாகிவிட்டதே. பதிவேட்டைப் புரட்டினால் இந்தப் பத்தில் ஆறு பேர் ஜனவரி 8 அன்று புள்ளி வாங்கினவர்கள்.

கூடலூர்க்காரன் | பிப்ரவரி 3, இரவு 8.44

டீச்சர் சொன்ன நகர்வு அப்படியே நடந்திருக்கிறது. நடுவில் யாரோ மீ.சி.ம. சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், நான் இல்லை.

மஞ்சூர் கணக்கு | பிப்ரவரி 3, இரவு 8.47

நான்தான். பாடப்புத்தகத்தில் வந்துவிட்டது, என்ன செய்ய.

தாண்டிக்குடி டீச்சர் | பிப்ரவரி 3, இரவு 10.20

பத்தையும் ஒரே கும்பலாக நினைக்காதீர்கள். நாளைக்கு அவர்களுக்கு மட்டும் வலது பக்கம் ஒரு வரி: 3/5 = ?/20. கூட்டல் கிடையாது. 12 என்று எழுதுகிறவனுக்குத் தெரியும், கூட்டும் அவசரத்தில் மறக்கிறான். அவனுக்கு இரண்டு படியையும் இரண்டு வரியில் எழுதும் பழக்கம் வந்தால் போதும். 3 என்றோ 18 என்றோ எழுதுகிறவனுக்குச் சமான பின்னமே இல்லை. 18 எப்படி என்றால், 5க்கும் 20க்கும் பதினைந்து வித்தியாசம், அதை மேலேயும் கூட்டிவிடுகிறான். அவனுக்குத் திரும்பவும் கட்டம் போட்ட நோட்டு, 4க்கு 5.

மஞ்சூர் கணக்கு | பிப்ரவரி 4, மாலை 5.40

12 எழுதினவர்கள் ஆறு. 18 எழுதினவர்கள் மூன்று. ஒருத்தன் வரவில்லை, வராதவர் பட்டியலில் மறக்காமல் எழுதிவிட்டேன். மூன்று பேரும் இப்போது முதல் பெஞ்சில் இருபது கட்டம் வரைகிறார்கள், அதில் ஒருத்தி நிறம் தீட்டப் பச்சைத் தேயிலைக் கொழுந்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாக்பீஸ் சாமி | பிப்ரவரி 4, மாலை 6.15

கிரேயான் செலவும் மிச்சம். சாறு மறுபக்கம் ஊறி நேற்றைய கணக்குக்கும் நிறம் ஏறும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.